மாதச் சாப்பாட்டுக்குக் கேப்ஷன்: மெனுவும் பணத் தேதியும் சண்டை வராத மாதிரி எழுதுவது

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் வீட்டிலிருந்தே சமைத்து, ரூம் எடுத்துப் படிக்கிற பசங்களுக்கும் வேலைக்குப் போகிற பேச்சிலர்களுக்கும் மதியம், இரவு என்று மாதக் கணக்கில் சாப்பாடு கொடுக்கப் போகிறோம். ஞாயிறு லீவு. இன்ஸ்டாகிராமுக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் ஒரு கேப்ஷன் வேண்டும். மெனு மாறி மாறி வருவதும், எந்தத் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும் என்பதும் அதில் இருக்கணும். எப்படி எழுதுவது?

பதில்:

முதலில் கேப்ஷன். ஜூன் 2026-க்கு எழுதியிருக்கிறேன். விலையையும் நேரத்தையும் உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் வரிகளின் வரிசையை மாற்ற வேண்டாம்.

ஜூன் 2026 | சரவணம்பட்டி, கீரணத்தம்
மதியம் + இரவு சாப்பாடு, ரூமுக்கே வரும். 26 நாள் ₹3,640. ஞாயிறு லீவு.

மதியம் 12.15 முதல் 1.00: சாதம் 400 கிராம், குழம்பு, ரசம், பொரியல், மோர்.
இரவு 7.30 முதல் 8.30: டிபன்.
நாளுக்கு ₹140. மதியம் மட்டும் ₹85, இரவு மட்டும் ₹65.

மெனு 2 வாரத்துக்கு ஒருமுறை சுற்றும். 1–7, 15–21, 29–30 தேதிகளில் அ மெனு. 8–14, 22–28 தேதிகளில் ஆ மெனு. இரண்டும் அடுத்த படத்தில்.
புதன் முட்டை. வேண்டாதவர்களுக்கு மீல்மேக்கர்.

பணம் முன்கூட்டியே, 1 முதல் 5-ஆம் தேதிக்குள். 7-ஆம் தேதி இரவு வரை பார்ப்போம். 8-ஆம் தேதி மதியத்திலிருந்து சாப்பாடு வராது.
மாணவர்கள் இரண்டு தவணையாகக் கட்டலாம்: 1–5, 16–18.
நடுவில் சேர்ந்தால் மீதி நாளுக்கு மட்டும் பணம்.

லீவு: மதியம் வேண்டாம் என்றால் முந்தின நாள் இரவு 8-க்குள், இரவு வேண்டாம் என்றால் அன்று பகல் 12-க்குள் மெசேஜ். மாதம் 4 நாள் வரை அடுத்த பில்லில் கழியும்.
கேரியர் முன்பணம் ₹400. நிற்கும்போது திருப்பித் தருவோம்.

வாட்ஸ்அப், யூபிஐ: (உங்கள் எண்)
எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எண்: (14 இலக்கம்)

அவ்வளவுதான். "வீட்டுச் சுவை", "ஹைஜீனிக்", "அம்மா கைமணம்" எதுவும் இல்லை. எல்லா மெஸ்காரரும் அதைத்தான் போடுகிறார்கள், படிக்கிறவர் கண் அந்த வார்த்தைகளைத் தாண்டிப் போய்விடும். ரூமில் இருக்கிறவர் தேடுவது மூன்று விஷயம்: என் ஏரியாவுக்கு வருமா, எவ்வளவு, எத்தனை நாள். இன்ஸ்டாகிராமில் மடக்குவதற்கு முன் கண்ணில் படுவது முதல் இரண்டு வரிதான் என்பதால் இந்த மூன்றும் அங்கேயே வந்துவிட வேண்டும். மாதத்தையும் வருடத்தையும் தலையில் போட்டதற்குக் காரணம் வேறு. வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் ஆகிற போஸ்டருக்கு ஆயுசு ஜாஸ்தி. ஆறு மாதம் கழித்து ஒருவர் பழைய விலையைக் காட்டி அதே விலைக்குக் கேட்பார். "ஜூன் 2026" என்று இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

விலையை "மாதம் ₹3,640" என்று எழுதாமல் "26 நாள்" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். மாதம் என்று போட்டால் ஒருவர் அதை 30 சாப்பாடு என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் 12-ஆம் தேதி சேர்ந்து அடுத்த 11 வரை என்று எடுத்துக்கொள்வார். 26 என்பது சும்மா போட்ட எண்ணும் இல்லை. 2026-இல் 52 ஞாயிறு. 365-இல் அது போக 313 நாள். 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 26-ஐ ஒட்டி வரும். ஜூனில் சரியாக 26, ஜூலையில் 27, பிப்ரவரியில் 24. மூன்று நாள் வித்தியாசம் என்றால் ₹420. பிப்ரவரியில் முழு விலை வாங்கினால் பசங்க கட்டாயம் எண்ணிப் பார்ப்பார்கள். அதனால் விளம்பரத்தில் 26 நாள் விலை, பில்லில் அந்த மாதம் சமைத்த நாள் × 140. தீபாவளி, பொங்கலுக்கு அடுப்பு மூடினாலும் இதே கணக்கு தானாகச் சரியாகிவிடும்.

சாதம் 400 கிராம் என்று போட்டதும் வேண்டுமென்றேதான். கேரியரில் கொடுக்கிறவர் "அன்லிமிடெட்" என்று எழுதவே கூடாது. உட்கார்ந்து சாப்பிடுகிற மெஸ்ஸில்தான் அது சரிவரும். 150 கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய 400 கிராம் சாதம் ஆகும். ஜிம்முக்குப் போகிற பையனுக்கு அது போதாது, அவர் எக்ஸ்ட்ரா சாதம் கேட்டால் தனி விலை சொல்லலாம். எடை எழுதாத இடத்தில்தான் "இன்றைக்குக் கம்மியாக இருந்தது" என்ற பேச்சு வரும்.

இனி மெனு. பலர் ஒரு வார மெனு போட்டு அதையே ஓட்டுகிறார்கள். மூன்றாவது வாரம் திங்கட்கிழமை சாம்பார் வாசனை வந்தாலே பசங்க வேறு மெஸ்ஸை விசாரிக்க ஆரம்பிப்பார்கள். நான்கு வார மெனு போட்டால் உங்களுக்குக் காய் வாங்குவது தலைவலி. ஒரு முறை வாங்கின கொள்ளோ தட்டைப்பயறோ மறுபடி எடுக்க ஒரு மாதம் ஆகும். இரண்டு வாரம் நடுவில் சரியாக நிற்கிறது. படத்தில் போட வேண்டிய மெனு இது:

அ மெனு
திங்கள்: சாம்பார், பீன்ஸ் பொரியல். இரவு இட்லி, தக்காளிச் சட்னி.
செவ்வாய்: வத்தக்குழம்பு, சுரைக்காய்க் கூட்டு. இரவு ஊத்தப்பம், காரச் சட்னி.
புதன்: முட்டைக் குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல். இரவு சப்பாத்தி, வெஜ் குருமா.
வியாழன்: கீரைக் கடைசல், வாழைக்காய் வறுவல். இரவு ரவா கிச்சடி, வேர்க்கடலைச் சட்னி.
வெள்ளி: மோர்க்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல். இரவு தக்காளிச் சந்தகை.
சனி: தக்காளி சாதம், தயிர் சாதம், அப்பளம். இரவு சப்பாத்தி, கொண்டைக்கடலை மசாலா.

ஆ மெனு
திங்கள்: முருங்கைக்காய் சாம்பார், பீட்ரூட் பொரியல். இரவு இட்லி, டிபன் சாம்பார்.
செவ்வாய்: கொள்ளுப் பருப்பு, கொள்ளு ரசம், வெண்டைக்காய் வறுவல். இரவு குழிப்பணியாரம், காரச் சட்னி.
புதன்: புளிக்குழம்பு, முட்டை மசாலா. இரவு சப்பாத்தி, தால்.
வியாழன்: தட்டைப்பயறு கத்திரிக்காய்க் குழம்பு, கேரட் பொரியல். இரவு சேமியா கிச்சடி, வேர்க்கடலைச் சட்னி.
வெள்ளி: பச்சைப்பயறு கடைசல், சேனை வறுவல். இரவு எலுமிச்சைச் சந்தகை.
சனி: அரிசிம்பருப்பு சாதம், தயிர் சாதம், அப்பளம். இரவு சப்பாத்தி, பட்டாணிக் குருமா.

இரண்டு மெனுவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாளுக்கான எலும்புக்கூடு நகரவே இல்லை என்பது தெரியும். திங்கள் இரவு எப்போதும் இட்லி, செவ்வாய் அதே மாவில் ஊத்தப்பமோ பணியாரமோ. ஞாயிறு ஆட்டின மாவு திங்கள் இட்லிக்குப் பதமாக இருக்கும். செவ்வாய்க்குள் லேசாகப் புளிக்கும், அந்தப் புளிப்பு ஊத்தப்பத்துக்கும் பணியாரத்துக்கும் நல்லதுதான். புதன் இட்லி என்று மாற்றி வைத்தால் வாரத்தில் இரண்டு முறை கிரைண்டர் ஓட்ட வேண்டும். சுழல்வது பெரும்பாலும் மதியக் குழம்பும் பொரியலும் இரவுத் துணைக்கறியும்தான். சாப்பிடுகிறவருக்கு மாற்றம் தெரியும், சமைக்கிறவருக்குப் பழக்கம் கெடாது.

முட்டையைப் புதனில் வைத்ததற்கும் காரணம் உண்டு. செவ்வாய், வெள்ளி, சனி ஆகாது என்பவர்கள் நிறைய. வியாழன் பாபாவுக்காக விடுகிறவர்களும் உண்டு. மிச்சம் திங்களும் புதனும். திங்கள் காலையில் ஊரிலிருந்து திரும்பாதவர்கள் இருப்பார்கள் என்பதால் புதன் நல்லது. புரட்டாசி மாதம், அதாவது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை, முட்டை வரியைக் கேப்ஷனிலிருந்தே எடுத்துவிடுங்கள். அந்த மாதம் பாதிப் பேர் மீல்மேக்கர்தான் கேட்பார்கள், இரண்டு குழம்பு வைப்பது வீண் வேலை.

தோசை, பூரி, வெண்பொங்கல் மூன்றும் மெனுவில் இல்லை, பார்த்தீர்களா? தோசையைச் சூடாக டப்பாவில் மூடினால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும். அரை மணியில் ரப்பர் மாதிரி இழுக்கும். பூரி அமுங்கி எண்ணெய் கசியும். பொங்கல் ஆறினால் கட்டியாக இறுகும். ஊத்தப்பமும் சந்தகையும் அந்தப் பயணத்தைத் தாங்கும். தேங்காய்ச் சட்னியையும் இதே காரணத்துக்காகத்தான் விட்டேன். 7.30-க்குக் கொடுத்த சாப்பாட்டைக் கால் சென்டர், ஐடி ஷிப்ட்காரர் 11 மணிக்குத்தான் திறப்பார். வெயில் காலத்தில் அதற்குள் தேங்காய்ச் சட்னி புளித்து நூல் கட்ட ஆரம்பிக்கும். நன்றாக வதக்கி அரைத்த தக்காளிச் சட்னியும் காரச் சட்னியும் அந்த நேரத்தைத் தாண்டும். மதியத் தயிர் சாதத்திலும் தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டிப் பிசைந்தால்தான் 2 மணிக்குச் சாப்பிடுகிறவருக்குப் புளிக்காது.

சுழற்சியை "முதல் வாரம், இரண்டாம் வாரம்" என்று எழுதாமல் தேதியாக எழுதுங்கள். மாதம் வியாழக்கிழமை பிறந்தால் முதல் வாரம் எது என்று உங்கள் வீட்டிலேயே இரண்டு கருத்து வரும். தேதி போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு சின்ன குறை மட்டும் இருக்கிறது. 29, 30, 31 அ மெனுவில் முடிந்து அடுத்த மாதம் 1-ஆம் தேதியும் அ மெனுவிலேயே தொடங்குவதால், இரண்டு மூன்று கிழமைகளுக்கு மட்டும் அடுத்தடுத்த வாரம் ஒரே குழம்பு வரும். ஜூன் 29 திங்கள் சாம்பார், ஜூலை 6 திங்களும் அதே சாம்பார். பெரிதாக யாருக்கும் உறுத்தாது.

பணத் தேதிக்கு வருவோம். பலர் "மாதக் கடைசியில் கொடுங்கள்" என்று நல்ல மனதோடு விடுகிறார்கள். பேச்சிலர்கள் ரூம் காலி செய்வதும் பெரும்பாலும் மாதக் கடைசியில்தான். 30-ஆம் தேதி பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவரிடம் 5-ஆம் தேதி போன் செய்து வாங்குவது நடக்காத காரியம். முன்பணம்தான் வழி. உங்கள் செலவும் முன்னால்தான் வருகிறது: 40 பேர் என்றால் நாளுக்கு 6 கிலோ அரிசி, 26 நாளுக்கு 156 கிலோ, அதாவது 26 கிலோ மூட்டை 6. மளிகைக்காரர் மாதக் கடைசி வரை காத்திருக்க மாட்டார்.

1 முதல் 5 என்று வைத்தது பெரிய கம்பெனிகளில் சம்பளம் மாதக் கடைசி வேலை நாளிலேயே விழுந்துவிடுவதால். சிறிய கம்பெனி, கடை, பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு 7-ஆம் தேதி வரை போகும். அதனால்தான் 5 கெடு, 7 வரை பொறுமை, 8 மதியம் நிறுத்தம் என்று மூன்று படி. நிறுத்தும் நேரத்தை எழுதாத கெடு கெடுவே இல்லை. ஒருவருக்கு 10-ஆம் தேதி வரை விட்டால் அடுத்த மாதம் அவருடைய ரூம்மேட் 12-ஆம் தேதி என்பார். அபராதம் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நாளுக்கு 20 ரூபாய் என்று ஏற்றிக்கொண்டே போனால் அதைக் கணக்கு வைப்பதும் கேட்பதும் உங்களுக்குத்தான் சங்கடம். சாப்பாட்டை நிறுத்துவது சுத்தமான முறை.

மாணவர்களுக்கு வீட்டிலிருந்து பணம் வரவேண்டும், ஒரே தவணை சில வீடுகளுக்குக் கனம். ஜூனில் 1 முதல் 15 வரை 13 நாள், 16 முதல் 30 வரை 13 நாள். இரண்டும் ₹1,820. எல்லா மாதமும் இப்படிச் சரிபாதியாக விழாது, ஜூலையில் ₹1,820-உம் ₹1,960-உம் வரும். இரண்டாம் தவணை 18-க்குள் வராவிட்டால் 20-இல் நிறுத்துங்கள். இந்தச் சலுகையை வேலைக்குப் போகிறவர்களுக்கும் திறந்துவிட்டால் மாதம் முழுக்க வசூலிலேயே ஓடும்.

பணம் வந்ததை உறுதி செய்வதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. அப்பா கணக்கிலிருந்தோ ரூம்மேட் போனிலிருந்தோ அனுப்புவார்கள். உங்கள் போனில் தெரியாத பெயரில் ₹3,640 வந்து நிற்கும், யாருடையது என்று தெரியாது. சேரும்போதே யூபிஐ நோட் பகுதியில் தங்கள் பெயரும் போன் நம்பரின் கடைசி 4 இலக்கமும் போடச் சொல்லிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை ரசீதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் வரவு விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பட்டியலில் டிக் அடியுங்கள். போலி ஸ்கிரீன்ஷாட் செய்வது இப்போது விளையாட்டாகிவிட்டது.

லீவு வரிதான் அதிகம் சண்டை வருகிற இடம். மதியத்துக்கு முந்தின இரவு 8 மணி, ஏனென்றால் பயறு ஊறப் போடுவதும் காய் எவ்வளவு என்று முடிவாவதும் அப்போதுதான். இரவுக்குப் பகல் 12, சப்பாத்தி மாவு பிசைவதற்கு முன்னால். நேரத்துக்குள் சொன்னால் நாளுக்கான ₹140-இல் மதியத்துக்கு ₹80, இரவுக்கு ₹60 முழுதாகக் கழியுங்கள். பிந்திச் சொன்னால் ஒன்றும் இல்லை. 4 நாள் வரம்பு எதற்கு? சனி லீவு இருக்கிற ஐடிக்காரர் வெள்ளி இரவு பஸ் ஏறுவார், மாதம் நான்கு சனி. அவருக்கு அந்த நான்கு நாள் அதிலேயே தீர்ந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் நிறையச் சேர்ந்தால் திங்கள் முதல் வெள்ளி வரை தனித் திட்டம் போடுவது மேல்: ஜூனில் 22 நாள், நாளுக்கு ₹145 என்றால் ₹3,190. செமஸ்டர் லீவில் ஒரேயடியாகப் போகிற மாணவர்களை இந்த நான்கு நாளில் அடக்க முடியாது. அவர்களை அந்த மாதம் நிறுத்திவிட்டு, திரும்பி வரும்போது நடுவில் சேர்கிறவராகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஜூன் 12 வெள்ளிக்கிழமை சேருகிறார். 12 முதல் 30 வரை 19 நாள், அதில் 14, 21, 28 ஞாயிறு. மிச்சம் 16 நாள், ₹2,240. கேரியர் முன்பணம் ₹400. சேரும் அன்று ₹2,640 வாங்குகிறீர்கள். ஜூனிலேயே மூன்று நாள் நேரத்துக்குச் சொல்லி லீவு, ஒரு நாள் மதியம் வேண்டாம் என்று காலை 11 மணிக்குத்தான் சொன்னார். அந்த மதியம் கழியாது. ஆனால் அன்றைய இரவுச் சாப்பாட்டையும் அதே மெசேஜில் வேண்டாம் என்றிருந்தால் ₹60 கழியும், பகல் 12-க்குள் வந்துவிட்டதே. ஜூலையில் 27 நாள், ₹3,780. கழிவு ₹420 + ₹60. ஜூலை 1 அன்று அவருக்குப் போகிற மெசேஜ்: "ஜூலை 27 நாள் ₹3,780, ஜூன் லீவு கழிவு ₹480, கட்ட வேண்டியது ₹3,300, 5-ஆம் தேதிக்குள்." இப்படிப் பிரித்து அனுப்பினால் யாரும் திரும்பிக் கேட்க மாட்டார்கள்.

கேரியர் முன்பணம் ஒரு ஆளுக்கு இரண்டு கேரியர் தேவைப்படுவதற்காக. ஒன்று ரூமில் இருக்கும்போது இன்னொன்று உங்கள் அடுப்படியில் நிரம்ப வேண்டும். மதியக் கேரியரைக் கழுவி இரவு கொடுக்கும்போது வாங்கிக்கொள்கிற வழக்கத்தை முதல் நாளே ஆரம்பித்துவிடுங்கள்.

எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வீட்டு அடுப்பில் சமைத்து விற்பவருக்கும் வேண்டும். எண் கைக்கு வந்த பிறகு அந்த வரியைச் சேருங்கள், "அப்ளை பண்ணியிருக்கிறோம்" என்று போடாதீர்கள்.

கடைசியாக ஸ்டேட்டஸ். இன்ஸ்டாகிராம் கேப்ஷனுக்கு வரம்பு 2,200 குறி, வாட்ஸ்அப் எழுத்து ஸ்டேட்டஸுக்கு 700. தமிழில் இது சீக்கிரம் தீர்ந்துவிடும். "சாம்பார்" நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. போன் புள்ளியையும் காலையும் தனித்தனியாக எண்ணி எட்டு என்று கணக்கு வைக்கும். மேலே உள்ள நீளக் கேப்ஷன் இன்ஸ்டாகிராமில் அடங்கும், ஸ்டேட்டஸில் அடங்காது. அங்கே இது போதும்:

ஜூன் 2026 | சரவணம்பட்டி, கீரணத்தம்
மதியம் + இரவு சாப்பாடு ரூமுக்கே. 26 நாள் ₹3,640. ஞாயிறு லீவு.
2 வார மெனு, புதன் முட்டை.
பணம் 1–5 தேதிக்குள். மாணவர்களுக்கு 2 தவணை.
நடுவில் சேரலாம், மீதி நாளுக்கு மட்டும் பணம்.
மெனு வேண்டுமா? "மெனு" என்று மெசேஜ் போடுங்கள்.

ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும் என்பதால் இதை 25-ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை தினமும் மாலை போடுங்கள். ரூம் மாறுகிறவர்கள் புது மெஸ் தேடுவது அந்த வாரத்தில்தான்.